தலைத் தீபாவளி வாழ்த்தில் இரண்டு மரியாதை

ஐப்பசி பிறந்ததும் டிடிபி கடைகளில் ஒரு வகை வேலை குவியும். ஜவுளிக்கடை நோட்டீஸ், பட்டாசு விலைப்பட்டியல் இவற்றுக்கு நடுவே, நான்காக மடித்த ஒரு தாளோடு பெண்ணைப் பெற்றவர் வந்து நிற்பார். அந்த வருடம் கட்டிக்கொடுத்த மகளும் மாப்பிள்ளையும் தலைத் தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறார்கள், வாசலில் கட்ட ஒரு வாழ்த்து பிளக்ஸ் வேண்டும், அதையே போனில் அனுப்பவும் வேண்டும் என்பார். நாலு வரிதானே என்றுதான் அவரும் நினைப்பார், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனும் நினைப்பான். ஆனால் கல்யாணப் பத்திரிகையைவிட இதில்தான் திருத்தம் அதிகம் வரும். பத்திரிகைக்குக் கடைகடையாய் மாதிரி இருக்கிறது. இதற்கு அப்படி ஏதும் இல்லை. பெற்றவர் மனதில் இருப்பதுதான் வாசகம்.

அந்தத் தாளில் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அன்பு மகள் நிலாவுக்கும் மருமகன் குமரனுக்கும் இனிய தலை தீபாவளி நல்வாழ்த்துக்கள். நீ என்றும் சிரித்த முகத்துடன் வாழ வேண்டும்." பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. முதல் வாக்கியம் இருவருக்கும் பொது. இரண்டாவது வாக்கியத்துக்கு வந்ததும் அப்பாவின் பேனா அவரை அறியாமலேயே மகளிடம் திரும்பிவிட்டது. அந்த 'நீ' மாப்பிள்ளைக்கு ஆகாது. "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க" என்று நேரில் பேசுகிறவர், எழுத்தில் அவரை வாசலிலேயே விட்டுவிட்டார். எழுதியவருக்கு இது தெரியாது. முதலில் கண்ணில் படுவது சம்பந்தி வீட்டாருக்குத்தான்.

'நீங்கள் இருவரும்' என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் பெற்ற மகளை 'நீ' என்றே அழைத்துப் பழகியவருக்கு அது மேடையில் பேசுவது போல இருக்கும். படித்துப் பார்த்துவிட்டு "என்னமோ மாதிரி இருக்கே" என்பார்கள். அப்போது கைகொடுப்பது வியங்கோள். வாழ்க, பெறுக, பெருகுக என்னும் வினைகளுக்குத் திணை, பால், எண், இடம் என்ற வேறுபாடு இல்லை. மகளுக்கும் பொருந்தும், மாப்பிள்ளைக்கும் பொருந்தும், யாருக்கும் மரியாதை கூடாது, குறையாது. வாழ்த்துவதற்குத் தமிழில் இருக்கும் வினைவடிவம் அது. மேலே சொன்ன தாளை இப்படித் திருத்தலாம்:

"எங்கள் இல்லத்தில் தலைத் தீபாவளி காணும் மாப்பிள்ளை திரு. குமரன், மகள் நிலா இருவரும் சிரித்த முகமும் நிறைந்த மனமுமாய் நீடு வாழ்க!"

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. மருமகன் மாப்பிள்ளை ஆனார். 'மருமகன்' என்பது மூன்றாம் மனிதரிடம் உறவைச் சொல்லும் சொல், 'மாப்பிள்ளை' என்பது முகம் பார்த்துக் கூப்பிடும் சொல். வாழ்த்து முகம் பார்த்துச் சொல்வதுதானே? அடுத்து, அவர் பெயர் முன்னால் வந்தது. விருந்தாளியாக வருகிறவர் அவர். மகளுக்கு அது பிறந்த வீடு. சில வீடுகளில் மகள் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்பார்கள், அப்படியே போட்டுவிடலாம், அது அவர்கள் இஷ்டம். மூன்றாவது, "சிரித்த முகம்" அப்படியே இருக்கிறது. அந்தத் தாளில் அப்பா சொந்தமாக எழுதிய ஒரே சொல் அதுதான். அதை எடுத்துவிட்டு "பதினாறு பேறும் பெற்று" என்று போட்டால், தெருவில் இருக்கும் எல்லா வீட்டு வாசலுக்கும் அது பொருந்திவிடும்.

பெயருக்கு முன்னால் போடும் அடைமொழி அடுத்த வில்லங்கம். கல்யாணப் பத்திரிகைக் கோப்பைத் திறந்து பெயரை நகலெடுக்கும் வழக்கம் எல்லாக் கடைகளிலும் உண்டு. கூடவே 'திருவளர்செல்வி'யும் வந்து ஒட்டிக்கொள்ளும். தாலி ஏறியபின் அது பொருந்தாது. அதற்காகப் பெற்றவர்களே தங்கள் மகளைத் 'திருமதி' என்று எழுதுவதும் ஒட்டாது. மகள் என்ற சொல்லே போதும். தலைப்பெழுத்தை மட்டும் அப்பாவிடம் கேட்டு முடிவு செய்யக்கூடாது. பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தன் பெயரின் எழுத்தையே சொல்வார். மகள் இப்போது கணவர் பெயரின் எழுத்தைப் போடுகிறாளா, பழையதையே வைத்திருக்கிறாளா என்பது அவளைக் கேட்டால்தான் தெரியும். கேட்க முடியாவிட்டால் தலைப்பெழுத்தே இல்லாமல் விடுவது நல்லது. இல்லாத எழுத்துக்காக யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கீழே வாழ்த்துவோர் பெயர். அப்பாவும் அம்மாவும் இருக்கும்போது சிக்கல் இல்லை. இருவரில் ஒருவர் காலமாகியிருந்தால், "வாழ்த்துகிறோம்" என்பதற்குக் கீழே அவர் பெயரையும் சேர்த்துப் போடுவது படிக்கிறவர்களை உறுத்தும். 'தெய்வத்திரு' என்று மேலே தனி வரியில் போட்டு "ஆசியுடன்" என்று முடித்துவிட்டு, இருப்பவர் பெயரைக் கீழே வைக்கலாம். பெண்ணின் தம்பி பெயரைச் சேர்க்கச் சொன்னால் உறவுமுறை எழுத வேண்டாம். அவன் அவளுக்குத் தம்பி, மாப்பிள்ளைக்கு மச்சான். எதை எழுதினாலும் ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும். பெயர் மட்டும் போதும். சம்பந்தியின் பெயரை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. மாப்பிள்ளை பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் "திரு. – திருமதி … அவர்களின் புதல்வர்" என்று ஒரு வரி வைத்தால் பிளக்ஸில் இரண்டு அங்குலம் போகும், அவ்வளவுதான்.

வாசகம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: சம்பந்தி வீட்டுக்குப் போய் அழைத்தாயிற்றா? தலைத் தீபாவளிக்குப் பெண் வீட்டார் தாம்பூலத் தட்டோடு நேரில் போய்க் கூப்பிடுவது வழக்கம். அந்த அழைப்புக்கு முன்னால் வாழ்த்துப் படம் போனில் போய்விட்டால், "வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுட்டாங்க" என்று பேச்சாகிவிடும். அதனால்தான் வாழ்த்தில் "வருக வருக" என்று எழுத வேண்டாம் என்போம். அழைப்பு வேறு, வாழ்த்து வேறு. அழைப்பு நேரில் முடியட்டும். வாழ்த்து வந்தவர்களுக்கு. மாப்பிள்ளையும் பெண்ணும் தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிடுவார்கள் என்பதால், பிளக்ஸ் அதற்கும் முந்தின மாலை கையில் இருக்க வேண்டும். தீபாவளி அன்று விடியற்காலை கங்கா ஸ்நானம் முடிந்து யாரும் ஏணி தேட மாட்டார்கள்.

இனி எழுத்துக் கோக்கும் இடத்தில் நடப்பது. 'தலை தீபாவளி' என்றுதான் ஊரே எழுதுகிறது. தலைப்பிரசவம், தலைப்பிள்ளை என்று ஒற்று மிகுவதுபோல இங்கும் 'தலைத் தீபாவளி' என்று மிகவேண்டும். போட்டுக் காட்டினால் பாதிப்பேர் "அந்த த் எதுக்கு?" என்று எடுக்கச் சொல்வார்கள். எடுத்துவிடலாம், அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் பேச்சில் வருகிறபடி 'தல தீபாவளி' என்று தட்டச்சாகி வந்தால் மட்டும் கட்டாயம் திருத்த வேண்டும். இல்லையென்றால் ரசிகர் மன்ற பேனர் ஆகிவிடும். 'வாழ்த்துகள்', 'வாழ்த்துக்கள்' வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. க் இல்லாத வடிவம் பாதுகாப்பு. 'வாழ்த்துகிறோம்', 'வாழ்க' என்று முடித்துவிட்டால் அந்த வழக்கே எழாது.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. சில வீட்டில் மகள் பெயருக்கு முன் 'சௌபாக்கியவதி' கேட்பார்கள். 'சௌ' என்ற எழுத்தை போனில் தட்டும்போது பலர் 'செ' போட்டுப் பக்கத்தில் 'ள' போடுவார்கள். திரையில் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். எழுத்துருவை மாற்றி எழுத்துகளுக்கு இடைவெளி கொடுத்ததும் 'செ' ஒரு பக்கமும் 'ள' ஒரு பக்கமும் விலகி, 'செள' என்று இளித்துக்கொண்டு நிற்கும். சோதிக்க எளிய வழி: அந்த எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டுங்கள். 'ச' மட்டும் மிஞ்சினால் எழுத்து சரி. 'செ' மிஞ்சினால் அடித்தது ளகரம்.

படம் பற்றி ஒன்று மட்டும். ஆறடிக்கு நாலடி பிளக்ஸில் தம்பதி படம் இரண்டடி உயரம் வரும். அங்குலத்துக்கு 100 புள்ளி என்று கணக்கிட்டால் 24 அங்குலத்துக்கு 2400 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய கல்யாணப் படம் சுருங்கித்தான் வரும். அதில் முழு மண்டபமும் இருக்க, மணமக்கள் ஒரு மூலையில் இருப்பார்கள். வெட்டிப் பெரிதாக்கினால் முகம் மாவாகிவிடும். அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும். போட்டோகிராபரிடம் இருந்து வாங்கினால் இன்னும் நல்லது.

கோப்பைச் சேமித்து வைத்தால் இரண்டரை மாதத்தில் மீண்டும் வேலை வரும். தைப் பொங்கலுக்கு அதே அப்பா வந்து, "அதேதாங்க, தீபாவளிய எடுத்துட்டு பொங்கல்னு மாத்திடுங்க" என்பார். மாற்ற வேண்டியது அந்த ஒரு சொல் மட்டும் இல்லை. தீபாவளிக்கு அவர்கள் இங்கே வந்தார்கள், பொங்கலுக்குச் சீர் வரிசை எடுத்துக்கொண்டு இவர்கள் அங்கே போகிறார்கள். ஆகவே "எங்கள் இல்லத்தில்" என்பது போக வேண்டும். இப்போது பிளக்ஸ் வேண்டாம், வெல்லம், அரிசி, கரும்பு, பாத்திரத்தோடு போகும் தட்டில் வைக்க ஒரு சிறிய அட்டை போதும். குத்துவிளக்கும் மத்தாப்பும் இருந்த இடத்தில் பானை வரும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்து மாற்றிவிட்டு, மேலே கொட்டை எழுத்தில் 'தலைத் பொங்கல்' என்று அந்தப் பழைய த்-ஐ அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்பாத கடையே இருக்காது.