நின்ற வருஷமும் சேர்ந்த வருஷமும்

முதுகலை ஆய்வேட்டுக்காக, ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில் நின்றவர்களின் கட்சி மாற்றங்களை ஆண்டுவாரியாக எழுத வேண்டியிருந்தது. முதல் பெயரிலேயே சறுக்கினேன். சு. திருநாவுக்கரசர் 2009-ல் இங்கே பா.ஜ.க. வேட்பாளர், 2014-ல் காங்கிரஸ் வேட்பாளர். தேர்தல் ஆணைய அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன. "அந்த எலெக்‌ஷன்லதான தம்பி கைச் சின்னத்துக்கு வந்தாரு" என்று தொண்டி டீக்கடைப் பெரியவரும் சொன்னார். சரி என்று, 'காங்கிரஸில் சேர்ந்தது: 2014' என எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வழிகாட்டிப் பேராசிரியர் அதில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். "இது நின்ற வருஷம். சேர்ந்த வருஷம் எங்கப்பா?"

ஆணைய அறிக்கை இரண்டு கரைகளைத்தான் காட்டும். 2009 மே மாதம் பா.ஜ.க., 2014 ஏப்ரலில் காங்கிரஸ். நடுவிலுள்ள ஐந்து ஆண்டுகளை நாளிதழ்களில்தான் தேட வேண்டும். நான் 2014-லிருந்து பின்னோக்கிப் புரட்டி இரண்டு நாள் வீணாக்கினேன். அவர் தோற்ற 2009 தேர்தலுக்கு அடுத்த மாதத்திலிருந்து முன்னோக்கிப் போயிருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும், ஏனென்றால் அவர் காங்கிரஸில் சேர்ந்தது அதே 2009 நவம்பரில். என் கணக்கில் நாலு வருஷத்துக்கு மேல் பிசகு!

அவருடைய பழைய வரலாற்றில் இன்னொரு சிக்கல். 1999-ல் புதுக்கோட்டையில் வென்றது எம்.ஜி.ஆர். அ.தி.மு.க. என்ற தன் சொந்தக் கட்சியின் பெயரில். 2002-ல் அந்தக் கட்சியே பா.ஜ.க.வில் இணைந்தது. அதைத் தனி ஆள் தாவியதுபோல எழுதக் கூடாது, 'கட்சி இணைப்பு' என்றே குறிக்க வேண்டும். 1989 சட்டமன்றத் தேர்தலிலும் இதே கவனம் தேவை. அப்போது அ.தி.மு.க. ஜெயலலிதா அணி, ஜானகி அணி என்று பிரிந்து சேவல், இரட்டைப் புறா சின்னங்களில் நின்றது. அறிக்கையில் கட்சிப் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துக் கட்சி மாறினார் என்று எழுதினால், அந்த ஆண்டு நின்ற அ.தி.மு.க.காரர் எல்லாருமே தாவியவர் ஆகிவிடுவார்கள்.

ஆணைய அறிக்கை கட்சி மாற்றம் எதையுமே காட்டாத ஆளும் உண்டு. அன்வர் ராஜா 2014-ல் இதே தொகுதியில் அ.தி.மு.க. சார்பில் வென்றவர். 2021 இறுதியில் கட்சி அவரை நீக்கியது, 2023-ல் திரும்பச் சேர்த்துக்கொண்டது, 2025 ஜூலையில் அவர் தி.மு.க.வுக்குப் போனார். நீக்கத்துக்கு அ.தி.மு.க. தலைமையின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும், கடைசிச் சேர்க்கைக்குத் தி.மு.க. தரப்புச் செய்தியை. விட்ட கட்சி 'நீக்கினோம்' என்று சொல்லும், போனவர் 'விலகினேன்' என்பார். தேதிகளும் ஒன்றாக இருக்காது.

அதனால் அட்டவணையில் 'கட்சி மாறிய ஆண்டு' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, நீக்கம், விலகல், சேர்க்கை, இணைப்பு என்று நான்கு கட்டம் போட்டேன். தேதி கிடைக்காத இடத்தில் '2009 மே – 2014 ஏப்ரல் இடையே' என்பதுபோல இரண்டு கரைகளையும் எழுதினேன். பேராசிரியர் அதற்கு வட்டம் போடவில்லை.