காலாவதியானது மார்ச்சில், எங்கள் நாட்காட்டியில் மே

பண்டாரவளையிலிருந்து வெறும் பத்து லீற்றர் யூக்கலிப்டஸ் தைலம். ஐந்து லீற்றர் கேன் இரண்டு, ஒரே பெட்டி. வெளிநாட்டில் வாங்குபவர் மாதிரி கேட்டிருந்தார். இரவில் புறப்பட்ட வான் ஹப்புத்தளை, பெரகலை வழியாக இறங்கி விடியும்போது கட்டுநாயக்கவை அடைந்தது. பத்து மணிக்கெல்லாம் அதே பெட்டியுடன் மலை ஏறத் திரும்பிப் புறப்பட்டது. பெட்டியில் பிழையில்லை, லேபலில் பிழையில்லை. ஆபத்தான பொருள் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட ஸ்டோர் கீப்பரின் பயிற்சி காலாவதியாகிவிட்டது என்றார் சரக்கு முகவர். 2025 ஏப்ரல் மாதம் அது. எங்கள் கணக்கில் மே முடியும்வரை செல்லுபடியாக வேண்டும்.

யார் சரி? முகவர்தான் சரி. அதை ஒத்துக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது.

யூக்கலிப்டஸ் தைலம் ஏறத்தாழ 50 பாகையிலேயே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கும். அதனால் ஆபத்தான பொருட்களில் அது 3ஆம் வகுப்பு, எரியும் திரவம். விமானத்தில் போகும் ஆபத்தான பொருளைப் பொதி செய்பவரும் பிரகடனத்தில் கையொப்பமிடுபவரும் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி 24 மாதத்துக்குள் மறுபடி பயிற்சி பெற்றாக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எந்த நாளிலிருந்து 24 மாதம் என்பதில்தான் நாங்கள் விழுந்தோம்.

பயிற்சி நடந்தது 2023 மார்ச்சில். பயிற்சி நிறுவனம் சான்றிதழை அச்சிட்டு அனுப்பியது மே மாதம். மூன்று தடவை போன் எடுத்த பிறகுதான் அதுவும் வந்தது. தாளின் கீழே "வழங்கப்பட்ட திகதி" என்று மே மாதத்து நாள். காலாவதித் திகதி என்று எதுவுமே இல்லை. அலுவலகத்தில் அந்த மே மாதத்தையே நாட்காட்டியில் குறித்துவைத்தோம். விதி பார்ப்பது பயிற்சியும் மதிப்பீடும் முடிந்த மாதத்தை. சான்றிதழ் எப்போது அச்சானது என்பது விதிக்குத் தேவையில்லை. முகவர் சான்றிதழோடு இணைத்திருந்த பரீட்சைத் தாளைப் புரட்டினார். அதில் மார்ச் என்று இருந்தது. கதை முடிந்தது.

இதற்கிடையில் ஒரு கூத்து. "அப்ப டிரைவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க, அவர் சான்றிதழில ஐந்து வருசம் இருக்கே" என்று எங்கள் அலுவலகத்திலிருந்தே ஒரு யோசனை போனது. டிரைவரிடம் இருந்தது வீதிப் போக்குவரத்துப் பயிற்சி. அந்த ஐந்து வருடம் ஏ.டி.ஆர். என்கிற, ஐரோப்பாவில் உருவான வீதிப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் கணக்கு. இலங்கை அதில் உறுப்பு நாடே இல்லை. பயிற்றுநர் அந்தப் பாடத்திட்டத்தை எடுத்து நடத்தியதால் ஐந்து வருடமும் கூடவே அச்சாகியிருக்கிறது. வண்டியைக் கவனமாக ஓட்ட அந்தப் பயிற்சி உதவும், விமானப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட உதவாது. நல்ல வேளை, டிரைவர் அண்ணன் பேனாவைத் தொடவில்லை.

கப்பலில் அனுப்புவோருக்கு இன்னொரு குழப்பம் இருக்கிறது. கடல்வழி ஆபத்தான பொருட்களுக்கான ஐ.எம்.டி.ஜி. விதிக்கோவை கரையில் வேலை செய்பவர்களுக்கும் பயிற்சி கட்டாயம் என்கிறது. அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் இத்தனை மாதம் என்று எண் போடவில்லை. சான்றிதழில் "2 ஆண்டு" என்று இருந்தால் அது பயிற்சி நிறுவனம் வைத்த எண். விதிக்கோவை இரண்டு வருடத்துக்கொருமுறை திருத்தப்படுவதால் அதையொட்டி வைத்துக்கொள்வது நியாயம்தான். எங்கள் கோப்பில் மூன்று சான்றிதழும் ஒரே பிளாஸ்டிக் உறையில் கிடந்தன. இப்போது விமானத்துக்கு, கப்பலுக்கு, வீதிக்கு என்று தனித்தனி உறை.

காலாவதியானதற்கு நாங்கள் கொடுத்த விலை: இரண்டு நாள் புதுப்பித்தல் வகுப்பில் சேர்க்க முடியாது, முழு வகுப்பும் நான்கு நாள் இருக்க வேண்டும் என்றது நிறுவனம். சான்றிதழைத் தாமதமாக்கியது நீங்கள்தானே என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கொழும்பில் நான்கு நாள் தங்கல், சாப்பாடு, ஸ்டோரில் ஆள் இல்லை.

சீக்கிரமாகப் புதுப்பித்தாலும் நட்டம் உண்டு. எங்கள் ஸ்டோர் கீப்பர் 2025 ஏப்ரலில் முடித்தார், ஆகவே 2027 ஏப்ரல் வரை. கடைசி மூன்று மாதத்துக்குள், அதாவது 2027 பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில் புதுப்பித்தால் பழைய காலாவதி மாதத்திலிருந்தே அடுத்த 24 மாதம் ஓடும், 2029 ஏப்ரல் வரை கிடைக்கும். அவசரப்பட்டு ஜனவரியில் போனால் 2029 ஜனவரியோடு சரி. பெப்ரவரியில் போனால் அதே வகுப்புக்கு, அதே காசுக்கு, மூன்று மாதம் கூடுதல். ஏப்ரல் வரை இழுத்தாலோ புத்தாண்டு விடுமுறையில் வகுப்பே இருக்காது.

சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று இரண்டு விடயம் பாருங்கள். முதலாவது பெயரும் அடையாள அட்டை இலக்கமும். எங்கள் ஆட்கள் பலருக்குப் பெயரின் ஆங்கில எழுத்து பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. நிறுவனம் தன் காதில் விழுந்தபடி மூன்றாவது மாதிரி அடித்துவிடும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் பன்னிரண்டு இலக்கம். சான்றிதழில் பழையதும் கையில் புதியதும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தானா என்று கேள்வி வரும். இரண்டாவது, எந்த வேலைக்கான பயிற்சி என்பது. 2023 ஜனவரியிலிருந்து, "வகை 1, வகை 6" என்று ஆட்களை எண்ணால் பிரித்த பழைய கணக்கு போய்விட்டது. ஆள் செய்யும் வேலையை வைத்துத்தான் பயிற்சி. "பொதி செய்தல்" என்று மட்டும் இருக்கும் ஆள் பிரகடனத்தில் கையொப்பமிடக் கூடாது.

சான்றிதழ் மட்டும் போதாது. பயிற்சி முடிந்த மாதம், பாடத்தின் விவரம், நடத்தியவரின் பெயர் விலாசம், மதிப்பீட்டில் தேறியதற்கு அத்தாட்சி ஆகியவற்றை வேலை கொடுப்பவர் 36 மாதம் வைத்திருக்க வேண்டும். பரீட்சைத் தாளின் பிரதியை நிறுவனம் தானாகத் தராது. கேட்டு வாங்குங்கள். எங்களைக் காட்டிக்கொடுத்ததும் அந்தத் தாள்தான், அது வேறு விடயம்.

பரீட்சையில் எங்கள் பையன்கள் தடுக்கி விழும் கேள்வி ஒன்று உண்டு. பாத்திரத்தை எவ்வளவு நிரப்பலாம்? 55 பாகை வெப்பத்திலும் திரவம் விளிம்பை முட்டக் கூடாது என்பது விதி. பண்டாரவளைக் காலைக் குளிரில், 15 பாகையில், ஐந்து லீற்றர் கேனைக் கழுத்துவரை நிரப்பினால் 55 பாகையில் அந்தத் தைலம் ஏறத்தாழ 180 மில்லிலீற்றர் பெருகும். மூடியோரம் கசியும். ஆங்கிலத்தில் கேட்டபோது தெரியாது என்று விட்டுவந்தவர், தமிழில் கேட்டதும் "தலையில இடம் விடணும் சேர்" என்று கேனைத் தூக்கிக் காட்டினார். வகுப்பில் சேர்க்கும்போதே கேள்வித்தாள் தமிழில் உண்டா, இல்லையென்றால் வாய்மொழியாகக் கேட்பார்களா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாதிரி சின்னதுதானே, 30 மில்லிக் குப்பியில் அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று சொல்வார்கள். இவ்வகைத் தைலத்தை விலக்களிக்கப்பட்ட அளவாக 30 மில்லிக் குப்பிகளில், பெட்டிக்கு மொத்தம் ஒரு லீற்றர் வரை அனுப்ப வழி இருக்கிறது. பிரகடனம் தேவையில்லை. ஆனால் பொதி செய்பவருக்குப் பயிற்சி வேண்டும் என்ற விதி அங்கேயும் போகவில்லை.