எதிரி இல்லாத ஃபைட்டிங்

டோக்கியோ ஒலிம்பிக் வில்வித்தை வீடியோ ஒன்று இன்று கண்ணில் பட்டது. பார்வையாளர் இல்லாத அரங்கு. 17 வயது கிம் ஜே-தோக் தொண்டை கிழியக் கத்துகிறான்: "கொரியா ஹ்வைட்டிங்!"

கத்துவது எதிரணியைப் பார்த்து அல்ல, அம்பு எய்யப்போகும் தன் அணிக்காக.

ஆங்கிலத்தில் ஃபைட்டிங் என்றால் அடிதடிதான். கொரியாவில் அது 'அசத்திட்டு வா', 'தைரியமா இரு' எல்லாமே. பரீட்சைக்குக் கிளம்பும் பிள்ளைக்கும் அதுதான், வேலையில் களைத்துப்போன நண்பருக்கும் அதுதான். எதிரியே தேவையில்லை.

கொரிய மொழியில் 'ஃப' ஒலி கிடையாது. அதனால் பேச்சில் ஹ்வைட்டிங். முறையான எழுத்தில் மட்டும் பைட்டிங். அதை யார் பார்க்கிறார்கள்!

அந்த ஒலிம்பிக் நடந்த 2021-இலேயே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இந்தக் கொரியப் பொருளைச் சேர்த்துக்கொண்டது. இனி ஆங்கிலேயரும் கத்தலாம்.