மூன்று பிரிவு, மூன்று பெட்டி

குடியாத்தத்தில் நான் கணக்கு எடுக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 40 பேர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், மாலைச் சிறப்பு வகுப்பு எந்தப் பிரிவுக்குத் தேவை என்று தலைமையாசிரியர் கேட்டார். 'அ', 'ஆ' இரண்டிலும் சராசரி ஏறக்குறைய 56. சராசரியை வைத்துப் பதில் சொல்ல முடியாது என்பதால் பெட்டி வரைபடம் போட்டேன்.

மதிப்பெண்களை ஏறுவரிசையில் எழுதி, 10, 11-ஆம் மதிப்பெண்களின் நடுவை முதல் கால்மானமாகவும், 20, 21-இன் நடுவை இடைநிலையாகவும், 30, 31-இன் நடுவை மூன்றாம் கால்மானமாகவும் கொண்டேன். முதல் கால்மானத்திலிருந்து மூன்றாம் கால்மானம் வரை பெட்டி, இடைநிலையில் நடுக்கோடு. 'அ' பிரிவில் கிடைத்தவை 48, 56, 64. பெட்டியின் நீளம் 16. 'ஆ' பிரிவில் 35, 57, 79. நீளம் 44. நடுக்கோடுகள் இரண்டும் அருகருகே இருக்க, ஒரு பெட்டி மற்றதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீண்டு நின்றது. 'இ' பிரிவின் பெட்டி முழுவதும் 60-க்கு மேல். அங்கே கவலை இல்லை.

பெட்டியின் இரு முனைகளிலிருந்தும் நீளும் கோடுதான் மீசை. அது எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு ஜான் டூக்கி வகுத்த விதி இருக்கிறது. பெட்டி நீளத்தின் 1.5 மடங்கு எல்லை. அந்த எல்லைக்குள் யாரோ ஒருவர் உண்மையில் எடுத்த கடைசி மதிப்பெண் வரைதான் மீசை போகும். 'அ' பிரிவில் 48-இலிருந்து 24 கழிந்தால் கீழ் எல்லை 24. மீசை 31-இல் நின்றது. 19 எடுத்த மாணவர் எல்லைக்கு வெளியே தனிப் புள்ளியானார். பதிவுப் பிழையோ என்று விடைத்தாளை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன், 19 சரிதான். காய்ச்சலால் பல வாரம் பள்ளிக்கு வராத பிள்ளை அவர்.

'ஆ' பிரிவில் ஒரு புள்ளிகூட விழவில்லை. உடன் பணியாற்றும் ஆசிரியை, "அங்கே யாரும் பின்தங்கவில்லை போலிருக்கிறதே, சார்" என்றார். நிலைமை நேர்மாறு. அங்கே கீழ் எல்லை 35-இலிருந்து 66 கழித்து, பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. 8 மதிப்பெண் எடுத்தவரும் மீசைக்குள் அடங்கிவிட்டார். தனிப் புள்ளி என்பது தன் வகுப்பிலிருந்து விலகியவரைத்தான் காட்டும், தோற்றவரைக் காட்டாது. முதல் கால்மானத்தின் இருபுறமும் இருந்தவை 34, 36. ஆகவே அந்தப் பிரிவில் பத்துப் பேர் தேர்ச்சி பெறவில்லை.

பெட்டி மறைக்கும் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். இருபதாவது மதிப்பெண் 46, இருபத்தொன்றாவது 68. இடைநிலையான 57-ஐ எடுத்தவர் அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. உள்ளே இருப்பவை இரண்டு கூட்டங்கள்! நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கீழ்க்கூட்டத்தில் இருந்தார்கள்.

தலைமையாசிரியரிடம் எந்தப் பிரிவையும் முழுதாகச் சொல்லவில்லை. 'ஆ' பிரிவின் கீழ் இருபது பெயர்களையும், 'அ' பிரிவில் 35-ஐத் தொடாத இருவர் பெயர்களையும் எழுதிக் கொடுத்தேன்.