ரப்பர் தேன் காட்டுத்தேன் ஆன கதை

அருமனைப் பக்கம் தேன்பெட்டி வைத்திருக்கும் மாமா, என் இன்ஸ்டா பக்கத்தில் போடச் சொல்லி நாலு வரி எழுதித் தந்தார், கூடவே ரெண்டு பாட்டில் தேனும். எழுத்து கொஞ்சம் வறட்சியாக இருந்ததால் அத்தை மகனிடம் மாற்றி எழுதக் கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் பளபளவென்று வந்துவிட்டது. போடப் போன கடைசி நிமிஷத்தில்தான் ஏதோ உறுத்தியது.

சரி என்று ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புதியதில் இருக்கிற, ஆனால் பழையதில் இல்லாத வார்த்தைகளை மட்டும் அடிக்கோடிட்டேன். பிழை திருத்துவது போல் மேலிருந்து கீழே வாசித்தால் இது சிக்காது, ஏனென்றால் நன்றாக எழுதிய வாக்கியம் உண்மை மாதிரியே இருக்கும்.

முதல் கோடு 'மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுத்தேன்'. மாமா எழுதியது 'ரப்பர் தோட்டத்துப் பெட்டித்தேன்'. ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது, பூவிலிருந்துகூட இல்லை. நம்ம ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம் இது, ஆனால் சென்னையிலிருந்து ஆர்டர் போடுகிறவர் காட்டுத்தேன் என்றுதானே நம்பிக் காசு அனுப்புவார்?

அடுத்ததுதான் மோசம். 'வீட்டில் இருமல் வந்தால் வெந்நீரில் கலந்து குடிப்போம்' என்று மாமா எழுதியது 'இருமலைக் குணப்படுத்தும், சர்க்கரை நோயாளிகளும் பயமின்றிச் சாப்பிடலாம்' என்று மாறியிருந்தது. வீட்டுப் பழக்கம் ஒன்று மருந்தின் வாக்குறுதியாகி, அதன் வாலில் அவர் வாயே திறக்காத சர்க்கரையும் வந்து ஒட்டிக்கொண்டது. தேன் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய FSSAI விதிகளும் விடாது. 'குணப்படுத்தும்' என்பதை 'இதமாக இருக்கும்' என்று மழுப்பலாமா என்று யோசித்தேன், படிக்கிறவர் காதில் அதே அர்த்தம்தான் விழும் என்பதால் மாமாவின் பழைய வரியையே திருப்பிப் போட்டேன். சர்க்கரை வரியை முழுசாக வெட்டினேன்.

மூன்றாவதை அடிக்கோடு காட்டிக் கொடுக்காது, அது இல்லாமல் போன வரி. 'மாமா எனக்கு ரெண்டு பாட்டில் சும்மா தந்தார்' என்று நான் மேலே சேர்த்திருந்தேன், அது கடைசியில் இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவே ஒரு `#ad` ஆகச் சுருங்கியிருந்தது. காசு வாங்காமல் பொருள் வாங்கினாலும் சொல்லியாக வேண்டும், அதுவும் `more` தட்டாமலே கண்ணில் படும் இடத்தில். அதை முதல் வரிக்கு ஏற்றி, `Paid partnership` லேபிளையும் போட்டேன்.

திருத்தியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் எழுதினதுதானே மக்ளே இது, இதுக்கா ரெண்டு நாளு?" என்றார்.