31 பேர் கூட்டம், 25 முகம்

அன்றைக்குப் பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்ததால் மாலை 4 மணிக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. என்ன முடிவாச்சுன்னு கொஞ்சம் போட்டு விடுங்க என்று டீமில் ஒருவரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆறேகாலுக்கு டீம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுந்தது. ஸூம் ஸ்கிரீன்ஷாட், கட்டம் கட்டமாக முகங்கள், கூட ஒரு வார்த்தை கிடையாது. எல்லோருக்கும் உதவுமே என்று நல்லெண்ணத்தில்தான் குழுவில் போட்டிருக்கிறார்.

வாயில் பஞ்சோடு அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒருவர் கட்டத்தைச் சுற்றி மட்டும் கோடு ஒளிர்ந்தது, சரி, இவர்தான் முக்கியமாக ஏதோ சொல்லியிருக்கிறார் போல என்று நினைத்தேன். உண்மையில் அந்தக் கோடு சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் நிற்கும், இருமினாலும் போதும். பிறகு கேட்டால் அவர் அன்று வாயே திறக்கவில்லையாம், மைக்கை அணைக்க மறந்திருக்கிறார், பக்கத்தில் மிக்ஸி ஓடியிருக்கிறது. ரிலீஸ் ஒரு வாரம் தள்ளிப்போன விஷயம் படத்தில் எங்கே தெரியும்? பழைய தேதியை நம்பி புதன்கிழமை இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து வேலையை முடித்தேன். வியாழன் காலையில்தான் தெரிந்தது.

இதைவிட மோசம், மேலாளர் அதே படத்தை வைத்து வருகைப்பதிவு போட்டது. ஸூமில் கட்டக் காட்சி வழக்கமாக ஒரு பக்கத்துக்கு 25 பேரைத்தான் காட்டும். அமைப்பை மாற்றினால், கணினியும் தாங்கினால், 49 வரை போகும். அன்று கூட்டத்தில் இருந்தது 31 பேர். மிச்சம் ஆறு பேர் அடுத்த பக்கத்தில் இருந்தார்கள், ஆறு பேருக்கும் 'வரவில்லை' என்று விழுந்தது. அதில் ஒருவர் தன் பங்கை இருபது நிமிடம் விளக்கி, கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் பேச்சை முடித்த பிறகு பின் பக்கத்துக்குப் போனவர். அவருக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

நான் ஆரம்பத்தில் கவனிக்காத ஒன்றும் அந்தப் படத்தில் இருந்தது. இரண்டாவது வரிசையில் ஒரு தோழி, அவருக்குப் பின்னால் கட்டிலில் உடம்பு முடியாத அம்மா படுத்திருக்கிறார். எல்லோரும் கேமராவைப் போடுங்க என்று சொன்னதால் போட்டிருக்கிறார். அந்த ஒரு மணி நேரம் கூட்டத்தில் இருப்பவர்கள் பார்ப்பதற்குத்தான் அவர் ஒப்புக்கொண்டார். அந்தக் காட்சி நாற்பது பேர் இருக்கும் குழுவுக்குப் போய், அங்கிருந்து வாடிக்கையாளருக்குப் போன மின்னஞ்சலிலும் ஏறும் என்று அவரிடம் யார் கேட்டது? பதிவு செய்தாலாவது ஸூம் எல்லோருக்கும் அறிவிப்பு காட்டும், பிடிக்காதவர் கேமராவை அணைக்கலாம், வெளியேறலாம். ஸ்கிரீன்ஷாட்டுக்கு அப்படி ஒரு மணியும் அடிக்காது.

படத்தின் வலது ஓரத்தில் அரட்டைப் பட்டியும் திறந்திருந்தது. தனக்கு மட்டும் வரும் செய்தியும் பொதுச் செய்திகளோடு அதே பட்டியில்தான் வரும். "இவர் எப்பங்க முடிப்பார்?" என்று ஒருவர் ரகசியமாகக் கேட்டது, அந்த 'இவர்' உட்பட குழு முழுவதற்கும் போய்விட்டது. படத்தைப் போட்டவர் பதறிப்போய் அதை எல்லோருக்கும் நீக்கினார்தான். ஆனால் அதற்குள் யாரோ மற்றவருக்கு அனுப்பியிருந்த பிரதியை அது தொடாது.

இது பெரிய இடங்களிலும் நடந்ததுதான். 2020 மார்ச் 31 அன்று பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சன் ஸூமில் நடந்த அமைச்சரவைக் கூட்டத்தின் படத்தை ட்விட்டரில் போட்டார், மேல் மூலையில் கூட்ட எண் அப்படியே தெரிந்தது. அதே வருடம் நவம்பரில் நெதர்லாந்து பாதுகாப்பு அமைச்சர் தரப்பு பகிர்ந்த படத்தில் ஆறு இலக்கக் கடவு எண்ணில் ஐந்து தெரிந்திருக்கிறது. மிச்சம் ஒரு இலக்கம், பத்தே வாய்ப்பு. டேனியல் வெர்லான் என்ற பத்திரிகையாளர் அதை வைத்து ஐரோப்பிய பாதுகாப்பு அமைச்சர்களின் ரகசியக் கூட்டத்துக்குள் நுழைந்து கையசைத்தார்.

எங்கள் டீமில் இப்போது கூட்டம் முடிந்து அரை மணிக்குள் ஒருவர் நான்கைந்து வரி எழுத வேண்டும்: என்ன முடிவு, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எது இன்னும் முடிவாகவில்லை. ஸூம் தரும் பங்கேற்பாளர் பட்டியல்தான் வருகைக்கு. படம் வேண்டுமென்றால் எடுப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும், அரட்டையை மூட வேண்டும், விருப்பமில்லாதவர் கேமராவை அணைத்துக்கொள்ளலாம். அனுப்பும் முன் வேண்டாததை வெட்டிவிட வேண்டும், அல்லது கெட்டியான கறுப்புக் கட்டத்தால் மூட வேண்டும். ஒருவர் மொபைலில் மார்க்கரால் பெயரைத் தேய்த்து அனுப்பினார், பிரகாசத்தைக் கூட்டினால் பெயர் படிக்க வந்தது.

அந்தத் தோழி இப்போதெல்லாம் சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். வெளிச்சம் பின்னாலிருந்து வருவதால் முகமே சரியாகத் தெரிவதில்லை. கேமராவைப் போடுங்க என்று மேலாளரும் இப்போது சொல்வதில்லை.