முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம்: கல்யாணப் படத்தில் மூன்று முறை முயன்ற கதை

சித்தி மகளின் கல்யாணத்தில் நான் எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் பெரிதாக ஃபிரேம் போட வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். முகூர்த்த நேரம், அரக்குப் பட்டுப்புடவை, மருதாணிக் கைகளை மார்புக்குக் கீழே கோத்து நிற்கிறாள். முகத்தில் வாசல் பக்கத்துப் பகல் வெளிச்சம் விழுகிறது. கைகளின் மேல் மணவறையின் மஞ்சள் விளக்கு. மேக்கப் தாடையோடு நின்றிருந்தது. நான் கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில், முகத்தின் வெளிச்சத்தை மட்டும் `Curves` வைத்துத் தூக்கிவிட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: “அக்கா, மூஞ்சி மட்டும் தனியா ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. கழுத்தும் கையும் வேற யாரோடதோ போல.”

அவள் சொன்னது சரிதான். இரண்டு வாரமாக ராத்திரியில் உட்கார்ந்து இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் ராத்திரி, கழுத்தையும் கைகளையும் தேர்ந்தெடுத்து, முகத்துக்குப் போட்ட அதே கர்வைப் போட்டேன். கழுத்து வெளுத்தது, ஆனால் தாடைக்குக் கீழே இருந்த நிழலும் சேர்ந்து சாம்பலாகிவிட்டது. தாடை எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கழுத்து முகத்தைவிட இருட்டாக இருப்பது கோளாறு இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது, தாடை அதை மறைக்கிறது. அந்த இருட்டு இருந்தால்தான் தலை உடம்பின் மேல் உட்காரும்.

இரண்டாவது முயற்சியில், கன்னத்திலிருந்து நிறத்தை எடுத்து, புது லேயரில் `HSL Color` முறையில் கழுத்தின் மேல் பூசினேன். இந்த முறை வெளிச்சத்தைத் தொடாமல் நிறத்தை மட்டும் மாற்றும் என்பதால் நம்பிக்கையோடு செய்தேன். வெளிச்சம் பட்ட இடத்தில் நன்றாகவே வந்தது. நிழலில்தான் கெட்டது. தோல் நிழலில் இன்னும் அடர்ந்த, செம்மை கூடிய நிறமாகத் தெரியும். அங்கே கன்னத்தின் வெளிறிய நிறத்தைப் பூசினால் உயிரில்லாத தோலாகிவிடுகிறது. போதாததற்குத் தங்கச் சங்கிலியும் தோல் நிறத்துக்கு மாறியிருந்தது.

மூன்றாவது முறை பூசுவதை நிறுத்திவிட்டு அளக்க ஆரம்பித்தேன். கலர் பிக்கரில் `Sample average` போட்டு, ஒரு புள்ளிக்குப் பதில் கொஞ்சம் பரப்பின் சராசரியை எடுத்தேன். ஒற்றைப் புள்ளியை நம்பக் கூடாது, ஒரு மயிர்க்கால் போதும் எண்ணை மாற்ற. தகவல் பெட்டியில் `HSV` எண்களை வைத்துக்கொண்டேன். எடிட் செய்த கன்னத்தில் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையாக 226, 178, 150. எந்த நிறம் என்று சொல்லும் நிறக்கோணம் 22, அது எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் செறிவு 34. கழுத்தில் வெளிச்சம் விழுந்த பக்கம் 172, 116, 82. கோணம் 23, செறிவு 52. அதாவது நிறம் ஒன்றேதான். கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் செறிவில் இருந்தது, அந்த வித்தியாசத்தில் பாதியை உண்டாக்கியவளும் நானே. எடிட் செய்யாத கன்னத்தில் செறிவு 42 இருந்தது. `Curves`-இன் `Value` கோட்டை மேலே தூக்கினால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறும், ஆனால் குறைவாக இருக்கும் நீலம்தான் விகிதத்தில் அதிகம் ஏறும். மூன்றும் ஒன்றையொன்று நெருங்க, தோல் பவுடர் பூசியது போல வெளுக்கிறது.

ஆகவே கழுத்தை முகத்துக்கு இழுப்பதை விட்டு, முகத்தைக் கழுத்துப் பக்கம் கொண்டுவந்தேன். அவளுடைய உண்மையான நிறம் கழுத்தில்தானே இருக்கிறது. முகத்தைத் தூக்கிய லேயரின் `Opacity`-யை 60 ஆக்கி, அதன் தாக்கத்தைக் குறைத்தேன். பிறகு `Hue-Saturation`-இல் முகத்துக்கு மட்டும் செறிவு 20 கூட்டினேன். கன்னத்தின் செறிவு 43-க்கு வந்தது. கழுத்தின் 52-ஐத் தொடவில்லை, தொடவும் வேண்டாம். வெளிச்சமான தோல் செறிவு கொஞ்சம் குறைந்துதான் இருக்கும். இந்த ஒன்றிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

மிச்சம் எங்கே என்று பார்க்க ஒரு சோதனை லேயர் வைத்துக்கொண்டேன். `New from Visible` கொடுத்து, அந்த நகலில் `Hue-Saturation` செறிவை 100 வரை ஏற்றிப் பார்ப்பது. படம் அலங்கோலமாகத் தெரியும், ஆனால் சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத நிற வேறுபாடெல்லாம் திட்டுத்திட்டாகக் கிளம்பிவிடும். மூன்று இடம் மாட்டியது. கழுத்தின் அடிப்பகுதி சிவந்து எரிந்தது, கோணம் 15, அரக்குப் புடவையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். கைகள் மஞ்சளாக நின்றன, கோணம் 27, மணவறை விளக்கின் வேலை. மூன்றாவது நான் நினைத்தே பார்க்காதது: காது. முகத்தை மாஸ்க் செய்தபோது ஜிமிக்கிக்குப் பின்னால் காதை விட்டிருந்தேன். கன்னம் ஒரு நிறத்திலும் காது பழைய நிறத்திலும் இருந்தது. காதுக்கும் நெற்றியில் முடி தொடங்கும் இடத்துக்கும் மாஸ்க்கை நீட்டியதும் ஒட்டவைத்த தோற்றம் பெரிதும் போய்விட்டது.

கழுத்தடிக்கு ஒரு நகல் லேயர், அதை முழுவதும் மறைக்கும் கறுப்பு மாஸ்க், அந்த லேயரில் கோணத்தை 4 கூட்டினேன். முழுவதும் 22-க்குக் கொண்டுவந்தால் புடவைக்கும் தோலுக்கும் தொடர்பே இல்லாதது போல ஆகிறது, அதனால் கொஞ்சம் சிவப்பை விட்டேன். வெள்ளை பூசிய இடத்தில் மட்டும் லேயர் தெரியும், அதற்கு `Hardness` 0 வைத்த பெரிய பிரஷ். ஓரம் தாடைக்கோட்டின் மேல் விழாமல், அதற்குக் கீழே நிழலுக்குள் கரைய வேண்டும். தாடைக்கோட்டிலேயே நிறுத்தினால் மெல்லிய கோடாகத் தெரிந்துவிடும்.

கைகளில்தான் அதிக நேரம் போனது. கன்னத்தோடு ஒப்பிட வேண்டியது புறங்கையை. உள்ளங்கை இயல்பிலேயே வெளிறி, ரோஜாநிறமாக இருக்கும், அதை முகத்துக்குப் பொருத்தப் பார்த்தால் ஏதோ தவறாகவே தெரியும். விரல் மூட்டுகளின் கறுமையையும் தொடவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் மருதாணி மங்கிவிடுகிறது என்பதால் வெளிச்சத்தை விட்டு, கோணத்தை மட்டும் 4 குறைத்தேன்.

ஸ்டூடியோவில் 4க்கு 6 அளவில் மேட் தாளில் ஒரு பிரதி எடுத்துப் பார்த்தேன். முகமும் கழுத்தும் ஒன்றாக இருந்தன. கைகள் திரையில் தெரிந்ததைவிடச் சிவந்திருந்தன, மருதாணியும் சேர்ந்துகொண்டதால் கூடுதலாகவே தெரிந்தது. கோணத்தில் குறைத்த 4-ஐ 2 ஆக்கி மறுபடி எடுத்தேன். சித்தி பார்த்துவிட்டு, “இதுல என்னடி மாத்தின?” என்றார். அதைத்தான் கேட்க விரும்பினேன்.

அடுத்து வரவேற்புப் படங்கள். அங்கே இந்த வழி பாதிதான் ஓடுகிறது. ஊதா விளக்கு கன்னத்தில் நேராக விழுந்த இடத்தில் சிவப்பும் நீலமும் 255-ஐ முட்டி நிற்கின்றன. அங்கே தோலின் நிறம் பதிவாகவே இல்லை, எந்தக் கோணத்தைத் திருப்பினாலும் இல்லாத நிறம் வராது. விளக்கு விலகிய நொடிகளில் எடுத்த ஆறு படங்களைத் தனியே பிரித்து வைத்திருக்கிறேன். அவற்றில் கழுத்தின் எண்களை முதலில் குறித்துக்கொண்டு தொடங்கப் போகிறேன்.